ஆபரேஷன் கெட்டுப்போனால் டாக்டர் மீது தவறா? ஒரு தேர்வுக் கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்

"ஆபரேஷன் பண்ணாங்க, சரியா வரல, டாக்டர் தப்புதான்" என்பார் ஒருவர். "டாக்டர் என்ன கடவுளா? சில சமயம் அப்படித்தான் ஆகும்" என்பார் பக்கத்தில் இருப்பவர். இரண்டு பேருமே கடைசியில் என்ன ஆனது என்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். சட்டக் கல்லூரி விடைத்தாள்களிலும் இதே கதைதான். தீங்கியல் சட்டத் தாளில் மருத்துவக் கவனக்குறைவுக் கணக்கு வந்தால், பாதிப் பேர் நோயாளியின் கஷ்டத்தை ஒரு பக்கம் விவரித்துவிட்டு "எனவே மருத்துவர் பொறுப்பாவார்" என்று முடித்துவிடுகிறார்கள். நடுவே வரவேண்டிய சட்டத்தைக் காணோம்.

இந்தியச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். கணக்கு கற்பனை, அதற்குப் பதில் சொல்லும் தீர்ப்புகள் உண்மையானவை.

## கணக்கு

42 வயதுப் பெண். பித்தப்பையில் கல். தனியார் மருத்துவமனையில் 60,000 ரூபாய் கட்டி, லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுக்கவும் தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யவும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். பொது அறுவைச் சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்தான் ஆபரேஷன் செய்கிறார்.

பித்தப்பை வீங்கிச் சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பித்தப்பையின் சிறு குழாய் என்று நினைத்து அறுவை மருத்துவர் வெட்டியது, ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பொதுப் பித்தநாளம். அது அப்போது தெரியவில்லை. அதே நேரம் வலது சினைப்பையில் ஒரு சிறிய நீர்க்கட்டி கண்ணில் படுகிறது. வெளியே காத்திருந்த கணவரிடம் கையெழுத்து வாங்கி அந்தச் சினைப்பையையும் எடுத்துவிடுகிறார். ஆபரேஷன் குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: "பித்தப்பை அகற்றப்பட்டது. சிக்கல் ஏதுமில்லை."

இரண்டாம் நாள் வயிற்றுவலி கூடுகிறது. காய்ச்சல் 101. நாடித்துடிப்பு 118. செவிலியர் மூன்று முறை கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். மருத்துவர் போனிலேயே வலி ஊசி போடச் சொல்கிறார். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். ஆறாம் நாள் கண் மஞ்சளாகி வேறு மருத்துவமனையில் சேர்கிறார். ஸ்கேனில் வயிற்றுக்குள் ஒன்றரை லிட்டர் பித்தநீர். தொற்று பரவி ஐ.சி.யு.வில் இருந்து, குழாய் வைத்து வடித்து, எட்டு வாரம் பொறுத்து, பித்தநாளத்தைச் சிறுகுடலோடு இணைத்துத் தைக்கிறார்கள்.

விசாரணையில் மருத்துவர் தரப்பில் இரண்டு அறுவை நிபுணர்கள், "இது அனுபவசாலிகளுக்கும் நேரும், புத்தகத்திலேயே உள்ள சிக்கல்" என்கிறார்கள். நோயாளி தரப்பு நிபுணர், "எது எந்தக் குழாய் என்று உறுதி செய்யாமல் வெட்டியிருக்கக் கூடாது" என்கிறார். மருத்துவரின் பொறுப்பை முன்தீர்ப்புகளோடு விவாதிக்கவும்.

## அளவுகோல் யாருடையது?

கவனக்குறைவு என்றால், செய்ய வேண்டிய கவனத்தோடு செய்யாததால் இன்னொருவருக்குத் தீங்கு வருவது. நோயாளி அதை நிரூபிக்க மூன்று படி ஏற வேண்டும்: மருத்துவருக்குக் கவனக் கடமை இருந்தது, அதை மீறினார், அந்த மீறலால்தான் பாதிப்பு. முதல் படிக்கு விடைத்தாளில் இரண்டு வரி போதும். நோயாளியை ஏற்றுக்கொண்ட அந்த நொடியே கடமை பிறந்துவிடுகிறது. அதை எந்த மருத்துவரும் மறுப்பதில்லை. சண்டை எல்லாம் இரண்டாம் படியில்தான்.

எவ்வளவு கவனம் போதும்? மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரை நேற்று எல்.எல்.ஆர். வாங்கியவரோடு ஒப்பிட மாட்டோம். பந்தயக் கார் ஓட்டும் சாம்பியனோடும் ஒப்பிட மாட்டோம். அந்தப் பாதையில் வண்டி ஓட்டும் ஒரு சராசரியான, தொழில் தெரிந்த ஓட்டுநர் என்ன செய்திருப்பார் என்றுதான் கேட்போம். அறுவை மருத்துவருக்கும் அதே கேள்விதான். அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர், அதே நாளில், அதே சூழலில் என்ன செய்திருப்பார்? இதைத்தான் கவனிப்புத் தரம் என்கிறோம்.

லேப்ராஸ்கோப்பி செய்கிறேன் என்று கையில் எடுத்தவரை லேப்ராஸ்கோப்பி தெரிந்தவரின் அளவுகோலால்தான் அளப்பார்கள். "எனக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை" என்பது தற்காப்பு ஆகாது. பழக்கமில்லை என்றால் எடுத்திருக்கக் கூடாது.

இந்த அளவுகோல் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1957-இல் போலம் எதிர் ஃப்ரையர்ன் மருத்துவமனை நிர்வாகக் குழு வழக்கு. மன அழுத்தத்துக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்ற ஒருவருக்குத் தசைத் தளர்வு மருந்து கொடுக்கவில்லை, உடம்பையும் பிடித்துக்கொள்ளவில்லை. துடிப்பில் இடுப்பு எலும்பு முறிந்துபோனது. அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்ற மருத்துவர்களும் அன்று இருந்தார்கள், வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். நீதிபதி மெக்நேர் ஜூரிக்குச் சொன்னதன் சாரம் இது: பொறுப்புள்ள மருத்துவர்களின் ஒரு பிரிவு சரியென்று ஏற்கும் முறையில் நடந்துகொண்டவர், இன்னொரு பிரிவு மாறுபட்ட கருத்துக் கொண்டிருக்கிறது என்பதற்காக மட்டும் கவனக்குறைவானவர் ஆகமாட்டார். நோயாளி தோற்றார். இதுவே போலம் சோதனை.

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செங்கல்பட்டு வழியாக ஒருவர் போவார், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்த் திரும்புபவரும் உண்டு. இரண்டும் வழிதான். ஒரு வழியில் டயர் வெடித்தால் "ஏன் அந்த வழியில் போனாய்" என்று குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் பைபாஸ் திருப்பத்தில் அரைக் கிலோமீட்டர் மிச்சம் பிடிக்க எல்லோரும் எதிர்ப் பக்கத்தில் ஏறி வருகிறார்கள் என்று வையுங்கள். "எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க சார்" என்பது பதிலாகாது. 1997-இல் பொலித்தோ வழக்கில் அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை இதைத்தான் சேர்த்தது: நிபுணர்களின் கருத்து தர்க்க ரீதியான ஆய்வுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும், நாலு பேர் சொன்னார்கள் என்பதற்காக அது ஏற்கத்தக்கதாகிவிடாது.

இந்தியாவில் போலம் சோதனையை உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2005-இல் ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உறுதி செய்தது. அதற்கும் முன்பே, 1968-இல் தீர்ந்த லக்ஷ்மண் பாலகிருஷ்ண ஜோஷி வழக்கு மருத்துவரின் கடமையை மூன்றாகப் பிரித்திருக்கிறது: இந்த நோயாளியை எடுப்பதா என்று முடிவு செய்வதில் கவனம், என்ன சிகிச்சை என்று முடிவு செய்வதில் கவனம், அந்தச் சிகிச்சையைச் செய்து முடிப்பதில் கவனம். கடற்கரை விபத்தில் தொடை எலும்பு முறிந்த ஒரு இளைஞரின் வழக்கு அது. முறையான மயக்க மருந்து இல்லாமல் பலத்தைப் பிரயோகித்து எலும்பை இழுத்துச் சேர்த்தார்கள். அன்றிரவே அவர் இறந்துபோனார். அறுவை மருத்துவர் பொறுப்பாக்கப்பட்டார்.

இதுவரை: உயர்ந்த நிபுணரின் அளவுகோலும் வேண்டாம், பாமரரின் அளவுகோலும் வேண்டாம். அந்தத் துறையின் சராசரித் திறமைசாலி என்ன செய்திருப்பார், அதைப் பொறுப்புள்ள ஒரு பிரிவு காரணத்தோடு ஆதரிக்குமா என்பதே கேள்வி.

லக்ஷ்மண் ஜோஷி தீர்ப்பின் அந்தப் பிரிப்பில்தான் நம் கணக்கின் சாவி இருக்கிறது. "ஆபரேஷன்" என்பது ஒரே செயல் இல்லை, பல முடிவுகளின் வரிசை. ஒவ்வொரு முடிவிலும் நிறுத்தி, அங்கே தனியாக அளவுகோலை வைக்க வேண்டும். நம் கணக்கில் அப்படி மூன்று இடங்கள் இருக்கின்றன.

## முதல் இடம்: கத்தரிக்கோல்

இதற்குக் கொஞ்சம் உடற்கூறு வேண்டும். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் ஓடும் பெரிய குழாய்தான் பொதுப் பித்தநாளம். வீட்டுக்கு வரும் மெயின் பைப் மாதிரி. பித்தப்பை, பக்கவாட்டில் ஒரு சிறு கிளைக்குழாயில் தொங்கும் சின்டெக்ஸ் தொட்டி. தொட்டியைக் கழற்ற வேண்டும் என்றால் கிளையை அடைத்து வெட்ட வேண்டும், தொட்டிக்கு வரும் சிறு தமனியையும் அடைத்து வெட்ட வேண்டும். வெட்டவேண்டியது இரண்டே இரண்டுதான்.

அழற்சி இருக்கும்போது கிளை மெயினோடு ஒட்டிப்போகிறது. பார்வைக்கு இடம் கிடைக்கப் பித்தப்பையைப் பிடித்து இழுத்தால் கிளையும் மெயினும் ஒரே கோட்டில் வந்துவிடும். திரையில் பார்ப்பவருக்கு மெயினே கிளை போலத் தெரியும். இந்த ஏமாற்றம் பல காலமாகத் தெரிந்த விஷயம் என்பதால்தான் 1995-இலிருந்து ஒரு பாதுகாப்பு விதி கற்பிக்கப்படுகிறது. வெட்டும் முன் மூன்று விஷயம் கண்ணால் பார்க்கப்பட வேண்டும்: பித்தப்பைக்கும் குழாய்களுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஈரல் படுகையிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பைக்குள் நுழைவது இரண்டே அமைப்புகள் என்று தெரிய வேண்டும். அந்தக் காட்சி கிடைக்கவில்லை என்றால் நிறுத்த வேண்டும். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கலாம், மூத்தவரைக் கூப்பிடலாம், வயிற்றைத் திறக்கலாம், பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வெளியே வரலாம். நம் நோயாளி வயிற்றைத் திறக்கவும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இப்போது நிபுணர்களுக்கு வருவோம். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. "இரண்டு நிபுணர்கள் மருத்துவரை ஆதரித்தார்கள், எனவே போலம் சோதனைப்படி பொறுப்பில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று மறுபடி படியுங்கள். "இது நேரும்" என்றார்கள். அது விளைவைப் பற்றிய பேச்சு. போலம் சோதனை கேட்பது செயலைப் பற்றி: உறுதி செய்யாமல் வெட்டுவதைப் பொறுப்புள்ள எந்தப் பிரிவாவது சரியான முறை என்று ஏற்கிறதா? அதை அந்த இருவரும் சொல்லவே இல்லை. திருப்பத்தில் விபத்துகள் நடப்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஹாரன் அடிக்காமல் திரும்புவது சரியாகிவிடாது.

இதை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அறிந்த சிக்கல் என்பது தற்காப்பு ஆகாதது போலவே, சிக்கல் நேர்ந்தது என்பதும் தவறுக்குச் சான்று ஆகாது. மூன்று காட்சியும் கிடைத்த பிறகு வெட்டியும், நோயாளியின் குழாய் அமைப்பே பிறவியில் மாறி இருந்ததால் காயம்பட்டது என்றால், அங்கே கவனக்குறைவு இல்லை. ஆகவே எல்லாமே ஒரு உண்மையில் தொங்குகிறது: வெட்டும் முன் அவர் பார்த்தாரா?

நிரூபிக்கும் சுமை நோயாளிமேல்தான். ஆனால் சிவில் வழக்கில் "எது அதிகம் நம்பத்தக்கது" என்ற அளவுக்கு நிரூபித்தால் போதும். ஆபரேஷன் குறிப்பு இங்கே பேசத் தொடங்குகிறது. ஒட்டிக்கொண்ட, வீங்கிய பித்தப்பை. அப்படிப்பட்ட ஆபரேஷனுக்கு ஒன்றரை வரிக் குறிப்பு. முக்கோணம் திறந்ததா, இரண்டு அமைப்புகள் தெரிந்தனவா, ஏன் வயிறு திறக்கப்படவில்லை என எதுவும் இல்லை. எழுதாததாலேயே செய்யவில்லை என்று ஆகிவிடாது. இருந்தாலும் மருத்துவர் அதை விளக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுகிறார். விளக்கமும் இல்லை, வீடியோவும் இல்லை என்றால் நோயாளியின் நிபுணரை நீதிமன்றம் நம்ப வாய்ப்பு அதிகம். விடைத்தாளில் இப்படியே, "ஆபரேஷன் பதிவு மாற்றிக் காட்டாத வரை மீறல் நிரூபணமாக வாய்ப்புண்டு" என்று நிபந்தனையோடு எழுதுவதுதான் சரி. அழுத்தந்திருத்தமாக "பொறுப்பு" என்று எழுதினால் கணக்கில் இல்லாத உண்மையை நாமே சேர்த்ததாகும்.

இதுவரை: விளைவைப் பற்றிப் பேசும் நிபுணரும் செயலைப் பற்றிப் பேசும் நிபுணரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். போலம் சோதனைக்குத் தேவைப்படுவது இரண்டாமவர்.

## இரண்டாம் இடம்: சினைப்பை

இதைக் கவனக்குறைவுத் தலைப்பில் எழுதுவது தவறு. சினைப்பை எவ்வளவு நேர்த்தியாக எடுக்கப்பட்டாலும் கேள்வி மாறாது: அதை எடுக்க யார் அனுமதி கொடுத்தது? நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் நல்ல வேலைக்காரர் என்பதற்காகச் சுவரை இடித்துக் கதவு வைத்துவிட முடியாது.

இதற்கு நேரடியான தீர்ப்பு உண்டு. 2008, சமீரா கோலி எதிர் பிரபா மன்சந்தா. 44 வயதுப் பெண் லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதத்தை ஏற்கவில்லை. தானே முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த நோயாளி தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக உறவினர் அவருக்குப் பதில் சம்மதிக்க முடியாது. அவர் விழிக்கும் வரை காத்திருக்க வேண்டும். உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தே தீர வேண்டும் என்றால் மட்டுமே விலக்கு. "அப்புறம் இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்காது" என்பது அந்த விலக்குக்குள் வராது.

நம் ஊர் மருத்துவமனைகளில் கணவரிடம் கையெழுத்து வாங்குவது அவ்வளவு வழக்கமாகிவிட்டதால், அது சட்டத்தில் ஏதோ வலுவுள்ள தாள் என்ற எண்ணம் ஊறிவிட்டது. மயக்கம் தெளிந்து அவரே முடிவெடுக்கக் கூடிய நிலையில், அந்தக் கையெழுத்துக்கு நம் கணக்கில் மதிப்பு இல்லை. சிறிய நீர்க்கட்டியில் அவசரம் எதுவும் இல்லை. மருத்துவர் இந்த ஒரு தலைப்பில் பொறுப்பாவார். இங்கே போலம் சோதனையை இழுத்து "பல மருத்துவர்கள் இப்படிச் செய்வார்கள்" என்று வாதாடவும் முடியாது; அனுமதி தருவது நோயாளியின் உரிமை, தொழிலின் வழக்கம் அதை நிரப்பாது.

## மூன்றாம் இடம்: இரண்டாம் நாள் ராத்திரி

பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தவர் மறுநாளே எழுந்து நடப்பார். வலி நாளுக்கு நாள் குறையும். குறைய வேண்டிய வலி கூடினால், காய்ச்சலும் வேக நாடியும் சேர்ந்தால், பித்தநீர் கசிகிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு வயிற்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும். வேறு அரிய நிபுணத்துவம் எதுவும் தேவையில்லை.

செவிலியர் மூன்று முறை எழுதியிருக்கிறார். மருத்துவர் வந்து வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலி ஊசி கொடுத்து அறிகுறியையே மறைத்து அனுப்பிவிட்டார். இப்படி அனுப்புவதைப் பொறுப்புள்ள எந்தப் பிரிவும் ஆதரிக்காது. ஆதரித்தாலும் பொலித்தோவின் தர்க்கச் சோதனையில் நிற்காது. சிகிச்சையைச் செய்து முடிப்பதில் கவனம் என்ற மூன்றாம் கடமையின் மீறல் இது. கணக்கிலேயே மிக எளிதாக நிரூபிக்கக் கூடிய மீறல் இதுதான். கேஸ் ஷீட்டே சாட்சி.

வழக்கறிஞர்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே சண்டை போட விரும்புகிறார்கள். பல வழக்குகள் உண்மையில் வார்டில்தான் நிற்கின்றன. தியேட்டரில் நடந்தது நிபுணர் வாக்குவாதம். வார்டில் நடந்தது நேரம் போட்டு எழுதப்பட்டிருக்கிறது.

## வலுவான மீறல், சிறிய தொகை

மூன்றாம் படி, காரணத் தொடர்பு. மீறல் இருந்தது என்பது போதாது, அந்த மீறலால் என்ன வந்தது என்று காட்ட வேண்டும். சோதனை எளிது: அந்தத் தவறு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இந்தப் பாதிப்பு வந்திருக்குமா?

பார்னெட் எதிர் செல்சி மருத்துவமனை வழக்கு இதற்கு என்றும் பயன்படும். புத்தாண்டு இரவில் காவலாளிகள் மூன்று பேர் தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு அவசரப் பிரிவுக்குப் போனார்கள். மருத்துவர் வந்து பார்க்காமலே, வீட்டுக்குப் போய்ச் சொந்த டாக்டரைப் பாருங்கள் என்று செவிலியர் மூலம் சொல்லி அனுப்பினார். சில மணி நேரத்தில் ஒருவர் ஆர்சனிக் விஷத்தால் இறந்தார். மருத்துவர் பார்க்காதது தெளிவான கவனக்குறைவு. இருந்தும் வழக்குத் தோற்றது. அவர் பார்த்திருந்தாலும் விஷத்தைக் கண்டுபிடித்து மாற்று மருந்து கொடுக்க நேரம் இருந்திருக்காது. இறப்பு எப்படியும் நடந்திருக்கும்.

இதை நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாளே ஸ்கேன் எடுத்திருந்தாலும் நாளம் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். இன்னொரு ஆபரேஷன் எப்படியும் தேவைப்பட்டிருக்கும். தாமதத்தால் கூடுதலாக வந்தது எது? தொற்று, ஐ.சி.யு., வடிகுழாயோடு எட்டு வாரம். சீக்கிரம் கண்டுபிடித்துப் பித்தநாள நிபுணரிடம் அனுப்பியிருந்தால் இதில் எவ்வளவு தவிர்ந்திருக்கும் என்று நோயாளியின் நிபுணர் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்காமல் விட்டுவிடும் வழக்குகள் இங்கேதான் சாய்கின்றன.

ஆக, வார்டில் நடந்த மீறல் நிரூபிக்க எளிது, ஆனால் அதற்குக் கிடைப்பது தாமதத்தின் விலை மட்டும். தியேட்டரில் நடந்த மீறல் நிரூபிக்கக் கடினம், ஆனால் அது நிரூபணமானால் மறு ஆபரேஷன் உட்பட முழு இழப்பும் அதிலிருந்து வரும். விடைத்தாளில் இந்த இரண்டையும் தனித்தனியே எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதுவரை: ஒவ்வொரு மீறலுக்கும் அதற்குரிய இழப்பைத் தனியே கட்ட வேண்டும். சினைப்பைக்கு ஒரு கணக்கு, தாமதத்துக்கு ஒரு கணக்கு, வெட்டுக்கு ஒரு கணக்கு.

## எங்கே போவது, போலீசுக்குப் போகலாமா

கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கு தீர்த்துவைத்தது. 2019 சட்டப்படி எந்த ஆணையம் என்பதைக் கட்டிய தொகை முடிவு செய்கிறது, கேட்கும் இழப்பீடு முடிவு செய்வதில்லை. 60,000 கட்டியவர் எத்தனை லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மருத்துவமனையையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். தன்னிடம் வேலை செய்பவரின் தவறுக்கு அது பொறுப்பு.

குற்ற வழக்கு வேறு உயரத்தில் இருக்கிறது. ஜேக்கப் மேத்யூ வழக்கே குற்ற வழக்குதான். மூச்சுத்திணறிய முதிய நோயாளிக்கு வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அதற்காக மருத்துவர்மீது போட்ட குற்ற நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிவில் பொறுப்புக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதும். குற்றத்துக்கு மிக மோசமான, எந்த மருத்துவரும் செய்யத் துணியாத அளவுக் கவனக்குறைவு வேண்டும். புகார்தாரர் வேறொரு மருத்துவரின் நம்பத்தக்க கருத்தோடு வர வேண்டும், விசாரணை அதிகாரியும் சார்பற்ற மருத்துவக் கருத்து பெற வேண்டும், வழக்கமான பாணியில் கைது செய்யக் கூடாது. நம் நோயாளி உயிரோடு இருப்பதால் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைப் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு எழவே எழாது. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயலைப் பற்றிய 125-ஆம் பிரிவைப் பேசலாம், ஆனால் இந்த உண்மைகள் அந்த உயரத்தைத் தொடுவது கடினம்.

## ஒரு வரியை மாற்றினால்

கணக்கில் பித்தநீருக்குப் பதில் வயிற்றுக்குள் ஒரு துணிப்பஞ்சு கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். விடை தலைகீழாகிவிடும்.

1963-இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் ஒரு பெண்ணுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். காய்ச்சலும் வலியும் தொடர்ந்தன. ஆறு நாள் கழித்து வயிற்றைத் திறந்தபோது உள்ளே துடைக்கும் துணி. சில நாளில் அவர் இறந்தார். அச்சுத்ராவ் ஹரிபாவ் கோத்வா எதிர் மகாராஷ்டிர அரசு என்ற அந்த வழக்கு 1996-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. துணியை உள்ளே விட்டது எப்படி என்று நோயாளி தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை, சம்பவமே பேசுகிறது என்றது நீதிமன்றம். லத்தீனில் ரெஸ் இப்சா லொக்விட்டர் என்பார்கள். அரசு மருத்துவமனை என்பதால் அரசு தப்ப முடியாது என்றும் சொல்லி, விசாரணை நீதிமன்றம் கொடுத்த 36,000 ரூபாயை மீட்டுக் கொடுத்தது.

இந்தக் கோட்பாட்டைப் பித்தநாளக் கணக்கிலும் எழுதுபவர்கள் நிறைய. மதிப்பெண் கரையும் இடம் அது. யாரும் தவறு செய்யாவிட்டால் சாதாரணமாக நடக்காது என்ற நிகழ்ச்சி மட்டுமே தானாகப் பேசும். தியேட்டரில் ஆபரேஷனுக்கு முன் துணிகளை எண்ணுவார்கள், வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ணுவார்கள், தோலைத் தைக்கும் முன் இன்னொரு முறை. எண்ணிக்கை சரியாக இருந்தால் துணி உள்ளே இருக்காது. உள்ளே இருக்கிறது என்றால் எண்ணவில்லை, அல்லது தப்பாக எண்ணினார்கள். மூன்றாவது விளக்கம் கிடைப்பது அரிது. பித்தநாளம் அப்படி இல்லை. எல்லாம் பார்த்துச் செய்தவருக்கும் ஆயிரத்தில் சிலரிடம் அது காயப்படுகிறது. அதனால்தான் அங்கே நிபுணரைக் கூண்டில் ஏற்றி, வெட்டும் முன் என்ன பார்த்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே எண்ணிக்கைத் தாளை வாங்கிப் பார்த்தால் போதும்.